முப்பது நாள் உரிமை: புதிய பாலிசியை ரத்து செய்து பிரீமியத்தைத் திரும்பப் பெறும் முறை

வைப்புத்தொகை முதிர்வடைந்த நாளில் வங்கிக் கிளைக்கு வரும் வாடிக்கையாளர் பலர், அத்தொகையின் ஒரு பகுதியைக் காப்பீட்டு பாலிசியில் செலுத்திவிட்டு வீடு திரும்புகின்றனர். சிலருக்கு அது பொருத்தமான முடிவாக அமைகிறது. வேறு சிலரோ, பாலிசி ஆவணம் கைக்கு வந்து அதனைப் படித்துப் பார்த்த பிறகே, தாம் நினைத்தது ஒன்று, கையெழுத்திட்டது வேறொன்று என்று உணர்கின்றனர். ஒருமுறை செலுத்தினால் போதும் என்று எண்ணிய தொகையை ஆண்டுதோறும் பத்து ஆண்டுகள் செலுத்த வேண்டும் என்று அதில் அச்சிடப்பட்டிருக்கும்.

இத்தகைய நிலைக்கென்றே சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ‘ஃப்ரீ லுக்’ காலம் எனப்படும் பரிசீலனைக் காலமே அது. இக்காலத்திற்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுத்தால், சிறு பிடித்தங்கள் நீங்கலாகச் செலுத்திய பிரீமியம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். இந்த உரிமை எப்பொழுது தொடங்குகிறது, கடிதம் யாருக்குச் செல்ல வேண்டும், எவ்வளவு தொகை திரும்பி வரும் என்பனவற்றை இக்கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டின் துணையோடு காண்போம்.

உரிமையின் எல்லை

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட பாலிசிதாரர் நலன் காப்பு ஒழுங்குமுறைகளின்படி, பரிசீலனைக் காலம் 30 நாள்கள் ஆகும். அதற்கு முன்னர், நேரில் வாங்கிய பாலிசிகளுக்கு இது 15 நாள்களாகவும், மின்னணு வடிவிலும் தொலைபேசி முதலிய தொலைவழிகளிலும் பெற்ற பாலிசிகளுக்கு 30 நாள்களாகவும் இருந்தது. இன்று அந்த வேறுபாடு இல்லை. பாலிசியை முகவரிடம் வாங்கினாலும், வங்கிக் கிளையில் வாங்கினாலும், இணையத்தில் வாங்கினாலும் முப்பது நாள்களே கணக்கு.

ஆயுள் காப்பீட்டு பாலிசிகளுக்கும், ஓராண்டோ அதற்கு மேலோ காலம் கொண்ட மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளுக்கும் இந்த உரிமை உண்டு. மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை, முதன்முறை வாங்கும்போது மட்டுமே இது பொருந்தும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது மீண்டும் கிடைக்காது. பாலிசியின் கீழ் ஏற்கெனவே இழப்பீடு கோரியவர், பின்னர் அதே பாலிசியை இவ்வழியில் ரத்து செய்ய இயலாது.

முப்பது நாள் எந்த நாளிலிருந்து?

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுவே. பிரீமியம் செலுத்திய நாளிலிருந்தோ, பாலிசியில் அச்சிடப்பட்டுள்ள தொடக்க நாளிலிருந்தோ முப்பது நாள் எண்ணப்படுவதில்லை. பாலிசி ஆவணம் உங்களுக்குக் கிடைத்த நாளே கணக்கின் தொடக்கம். ஆவணத்தைக் கண்ணால் காணாதவர் அதன் நிபந்தனைகளைப் பரிசீலிக்க இயலாது என்பதே இதன் அடிப்படை.

இவ்விதி வாடிக்கையாளருக்குச் சாதகமானது. ஆயினும் அதனுள் ஓர் ஆபத்தும் உண்டு. இன்று பாலிசிகள் மின்னணு வடிவில் வழங்கப்படுகின்றன. ஆவணம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்த நாளே கிடைத்த நாளாகக் கொள்ளப்படும். அச்சுப் பிரதி தபாலில் வருமென்று காத்திருப்பவர், மின்னஞ்சலைத் திறவாமலேயே பாதிக் காலத்தை இழந்துவிடக்கூடும். முன்மொழிவுப் படிவத்தில் தமது மின்னஞ்சலுக்குப் பதிலாக விற்பனையாளரின் முகவரியோ, வெளியூரிலுள்ள மகன் அல்லது மகளின் முகவரியோ எழுதப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும்.

எனவே பிரீமியம் செலுத்திய நாள் முதல் மின்னஞ்சலின் தேவையற்ற அஞ்சல் பகுதியையும் சேர்த்துப் பார்த்து வருவது நல்லது. இரண்டு வாரங்களில் எதுவும் வராவிடில், காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, ஆவணம் எந்த நாளில் எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தபாலில் வந்த பாலிசியின் உறையை எறிந்துவிட வேண்டாம். அதிலுள்ள அஞ்சல் முத்திரையும் பார்சல் எண்ணும் உங்கள் சான்றுகள். கிடைத்த நாள் குறித்துப் பின்னர் வாதம் எழுந்தால் அவையே பேசும்.

நாள்களை எண்ணும்போது, ஆவணம் கிடைத்த நாளையே முதல் நாளாகக் கொண்டு எண்ணுவது பாதுகாப்பானது. ஒரு நாள் முன்னதாக முடித்துக்கொள்வதால் இழப்பு ஏதுமில்லை; ஒரு நாள் தாமதித்தாலோ உரிமையே போய்விடும்.

ஆவணத்தில் எதைப் படிக்க வேண்டும்?

நாற்பது, ஐம்பது பக்கங்கள் கொண்ட ஆவணம் முழுவதையும் ஒரே மூச்சில் படித்துவிட இயலாது. மூன்று பகுதிகளை முதலில் பார்த்தால் போதும்.

முதலாவது, பாலிசி அட்டவணை. பிரீமியத் தொகை, அதைச் செலுத்த வேண்டிய இடைவெளி, பிரீமியம் செலுத்தும் காலம், பாலிசிக் காலம் என்னும் நான்கும் அதில் இருக்கும். ‘ஒரே தவணை’ என்று சொல்லி விற்கப்பட்ட பாலிசியில் பிரீமியம் செலுத்தும் காலம் பத்து ஆண்டுகள் என்று இருந்தால், அந்த ஒரு வரியே முடிவெடுக்கப் போதுமானது.

இரண்டாவது, பலன் விளக்க அட்டவணை. பங்கு பெறும் பாலிசிகளிலும் யூலிப் பாலிசிகளிலும், 4 சதவீதம், 8 சதவீதம் என்னும் இரண்டு அனுமான வருவாய் விகிதங்களின்படி பலன்கள் காட்டப்பட்டிருக்கும். இவை அனுமானங்கள், உறுதிமொழிகள் அல்ல. உறுதி செய்யப்பட்ட தொகை எது என்பது தனிப் பத்தியில் இருக்கும். உங்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட தொகை எந்தப் பத்தியில் உள்ளது என்று பாருங்கள்.

மூன்றாவது, ஆவணத்துடன் இணைக்கப்பட்டுள்ள உங்கள் முன்மொழிவுப் படிவத்தின் நகல். உங்கள் ஆண்டு வருமானம், தொழில், உடல்நலம் பற்றிய விடைகள் அதில் இருக்கும். நீரிழிவு நோய் இருந்தும் ‘இல்லை’ என்று குறிக்கப்பட்டிருந்தால், பிற்காலத்தில் இழப்பீடு கோரும்போது குடும்பத்தினர் இடர்ப்பட நேரிடும். பாலிசி பிடித்திருந்தால் அதனை உடனே திருத்தக் கோரலாம். பிடிக்காவிடில் ரத்து செய்யலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

அறுபத்தொரு வயதான ஓய்வூதியர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். முதிர்ந்த வைப்புத்தொகையிலிருந்து அவர் ஜூன் 2ஆம் தேதி ஒரு லட்சம் ரூபாய் செலுத்தி, பத்து லட்சம் ரூபாய்க் காப்புத்தொகை கொண்ட ஆயுள் பாலிசி ஒன்றை வாங்குகிறார். காப்பு ஜூன் 5 அன்று தொடங்குகிறது. பாலிசி ஆவணம் ஜூன் 10 அன்று மின்னஞ்சலில் வருகிறது. அவர் அதைத் திறப்பது ஜூலை 1 அன்று. பிரீமியம் ஒருமுறை மட்டுமன்று, பத்து ஆண்டுகள் செலுத்த வேண்டியது என்பதை அப்பொழுதுதான் காண்கிறார். அவருடைய ஓய்வூதியத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் ஒதுக்குவது இயலாத காரியம்.

ஜூன் 10ஐ முதல் நாளாகக் கொண்டால் முப்பதாம் நாள் ஜூலை 9. அவரிடம் இன்னும் எட்டு நாள்களுக்கு மேல் உள்ளன. ஜூலை 4 அன்று ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, அன்றே அந்நிறுவனத்தின் கிளையிலும் நேரில் கொடுத்து ஒப்புகை பெறுகிறார்.

இனி அவருக்குத் திரும்பி வரும் தொகையைக் கணக்கிடுவோம். விதிப்படி மூன்று பிடித்தங்களுக்கு மட்டுமே இடமுண்டு. முதலாவது, காப்பு நடைமுறையில் இருந்த நாள்களுக்கான ஆபத்துப் பிரீமியம். அதாவது, உயிர்க்காப்புக்கு மட்டும் ஆகும் செலவின் விகிதாசாரப் பங்கு. அவருடைய வயதில் பத்து லட்சம் காப்புக்கு இது ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று கொள்வோம். ஜூன் 5 முதல் ஜூலை 4 வரை முப்பது நாள்கள். 12,000ஐ 365ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 986 ரூபாய். இரண்டாவது, நிறுவனம் செய்த மருத்துவப் பரிசோதனைச் செலவு. இது 1,500 ரூபாய் என்று கொள்வோம். பரிசோதனை நடைபெறாவிடில் இப்பிடித்தம் இல்லை. மூன்றாவது, முத்திரைத் தீர்வை. ஆயுள் பாலிசிக்கு ஆயிரம் ரூபாய்க் காப்புக்கு 20 காசு வீதம், பத்து லட்சத்துக்கு 200 ரூபாய்.

மூன்றும் சேர்ந்து 2,686 ரூபாய். ஒரு லட்சத்திலிருந்து அதைக் கழித்தால் அவருக்குக் கிடைக்க வேண்டியது 97,314 ரூபாய். ஆபத்துப் பிரீமியமும் பரிசோதனைச் செலவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஆனால் பிடித்தத்தின் தலைப்புகள் மாறா. முகவர் கழிவு, நிர்வாகச் செலவு, ரத்துக் கட்டணம் என்னும் பெயர்களில் தொகை குறைக்கப்பட்டிருந்தால் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை.

யூலிப் பாலிசியாயின் கணக்கு சற்று வேறுபடும். முதலீடு செய்யப்பட்ட யூனிட்டுகள் ரத்தாகும் நாளின் விலைப்படி மதிப்பிடப்படும். சந்தை இறங்கியிருந்தால் அந்த இறக்கம் உங்களைச் சாரும். ஏறியிருந்தால் ஏற்றமும் உங்களுக்கே. முதலீட்டுக்குச் செல்லாத பிரீமியப் பகுதியும், யூனிட்டுகளை நீக்கி எடுத்த கட்டணங்களும் திரும்பச் சேர்க்கப்பட்டு, மேற்சொன்ன மூன்று பிடித்தங்கள் கழிக்கப்படும்.

அதே ஓய்வூதியர் ஜூலை 9ஐத் தவறவிட்டிருந்தால்? பிறகு அவருக்கு இருப்பது சரண்டர் வழி ஒன்றே. முழு ஓராண்டுப் பிரீமியம் செலுத்தி, பாலிசியின் முதலாண்டு முடிந்த பின்னரே சரண்டர் மதிப்பு கிடைக்கும். அதுவும் செலுத்திய தொகையைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கும். யூலிப் பாலிசியாயின் ஐந்தாண்டுகள் முடியும் வரை பணத்தை எடுக்க இயலாது. முப்பது நாளுக்கு உள்ளும் வெளியும் உள்ள வேறுபாடு இத்தனை பெரிது.

கடிதம் யாருக்கு, எவ்வாறு?

வங்கிக் கிளையில் பாலிசி வாங்கியவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பாலிசி ஒப்பந்தம் உங்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலானது. வங்கி அந்நிறுவனத்தின் முகமையாக மட்டுமே செயல்படுகிறது. கிளையில் வாய்மொழியாகச் சொல்வதோ, விற்பனை அலுவலருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதோ ரத்துக் கோரிக்கை ஆகாது. கிளையின் உதவியை நாடலாம். ஆனால் எழுத்து வடிவிலான கோரிக்கை காப்பீட்டு நிறுவனத்தை நேரடியாகச் சென்றடைய வேண்டும். பாலிசி ஆவணத்தில் உள்ள நிறுவன மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புங்கள்; இயன்றால் அதன் கிளையிலும் கொடுத்து, நாளும் முத்திரையும் இட்ட ஒப்புகையைப் பெறுங்கள்.

கடிதம் சுருக்கமாக இருக்கலாம். அதன் அமைப்பு பின்வருமாறு:

*பாலிசி எண் … . மேற்கண்ட பாலிசி ஆவணம் எனக்கு … தேதி மின்னஞ்சலில் கிடைத்தது. அதன் நிபந்தனைகளைப் படித்தேன். பிரீமியம் செலுத்தும் காலம் பத்து ஆண்டுகள் என்னும் நிபந்தனை எனக்கு ஏற்புடையதன்று. எனவே பரிசீலனைக் கால உரிமையின்படி இப்பாலிசியை ரத்து செய்து, நான் செலுத்திய ரூ. … பிரீமியத்தை, அனுமதிக்கப்பட்ட பிடித்தங்களின் விவரத்துடன், கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் வரவு வைக்குமாறு வேண்டுகிறேன். இப்பாலிசியின் கீழ் இழப்பீடு எதுவும் கோரவில்லை.*

இதனுடன் அடையாளச் சான்றின் நகல், பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், பிரீமிய ரசீது ஆகியவற்றை இணையுங்கள். அச்சுப் பிரதி பெற்றிருந்தால் மூல பாலிசி ஆவணத்தையும் ஒப்படைக்க வேண்டும்; அதற்குமுன் முழுவதையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கெனத் தனிப் படிவம் இருந்தால் அதையும் நிரப்பிக் கொடுக்கலாம். ஆனால் படிவம் கிடைக்கவில்லை என்பதற்காகக் கடிதத்தைத் தாமதிக்க வேண்டாம்.

கடிதத்தில் காரணத்தை ஒரு வாக்கியத்தில் குறித்தால் போதும். விற்பனையாளர் ஏமாற்றினார் என்று நீண்ட குற்றச்சாட்டாக அதை எழுதிவிட வேண்டாம். பரிசீலனைக் கால ரத்துக்கு எவருடைய தவற்றையும் நிரூபிக்கத் தேவையில்லை. நிபந்தனை உங்களுக்கு ஏற்கவில்லை என்பதே போதும். அதைப் புகாராக எழுதினால், விசாரணை, விளக்கம், குரல்பதிவு என்று வேறொரு பாதையில் கோரிக்கை சென்றுவிடக்கூடும். விற்பனை முறை குறித்துப் புகார் இருந்தால் தனிக் கடிதமாக எழுதுங்கள்.

இன்னொரு வேலை வங்கியில் இருக்கிறது. பாலிசி வாங்கும்போது, அடுத்த ஆண்டுப் பிரீமியத்தைக் கணக்கிலிருந்து தானாகப் பற்று வைக்கும் அனுமதி பெறப்பட்டிருக்கலாம். பாலிசி ரத்தான பிறகும் அந்த அனுமதி பதிவில் நிற்கக்கூடும். ரத்துக் கடிதத்தின் நகலோடு உங்கள் கிளையில் விண்ணப்பித்து, தானியங்கிப் பற்று அனுமதியையும் நீக்கச் சொல்லுங்கள்.

இடையில் நேரும் தடைகள்

கடிதம் சென்ற ஓரிரு நாள்களில் தொலைபேசி அழைப்புகள் வரலாம். “வேறு திட்டமாக மாற்றித் தருகிறோம்”, “மூன்று ஆண்டுகள் மட்டும் கட்டுங்கள்”, “மேலாளர் அடுத்த வாரம் வந்து விளக்குவார்” என்று கூறப்படும். இவற்றில் உண்மை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பேச்சு நடக்கும்போதும் நாள்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கோரிக்கையைத் திரும்பப் பெறுவதாகத் தொலைபேசியில் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த மாற்று ஏற்பாட்டையும் எழுத்தில் கேளுங்கள்.

பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறிக்கொண்டு, முன்பணம் கட்டச் சொல்லும் அல்லது ஓ.டி.பி. கேட்கும் அழைப்புகளும் உண்டு. அவை மோசடியே. பிரீமியம் திரும்பப் பெற நீங்கள் எவருக்கும் ஒரு ரூபாயும் செலுத்த வேண்டியதில்லை.

ஏழு நாள்களில் பணம் வராவிடில்

கோரிக்கை கிடைத்த ஏழு நாள்களுக்குள் நிறுவனம் பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஜூலை 11க்குள் தொகை வரவாக வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்துடன் 2 சதவீதம் கூட்டிய வட்டியும் சேர்த்துத் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை.

பணம் வராவிடில், அல்லது ‘காலம் கடந்துவிட்டது’ என்று கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ரத்துக் கடிதத்தின் நகல், ஒப்புகை, ஆவணம் கிடைத்த நாளுக்கான சான்று ஆகிய மூன்றையும் இணையுங்கள். அதே புகாரை ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளமான bimabharosa.irdai.gov.in வழியாகவோ, 155255 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் வழியாகவோ பதிவு செய்யலாம்.

நிறுவனத்திற்கு எழுதி ஒரு மாதம் கடந்தும் விடை வராவிடில், அல்லது வந்த விடை நிறைவளிக்காவிடில், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ஆம்புட்ஸ்மேன் என்று அறியப்படும் இவ்வலுவலகங்கள் நாட்டின் பல நகரங்களில் உள்ளன. உங்கள் வசிப்பிடம் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை cioins.co.in தளத்தில் காணலாம். ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் கோரிக்கையை மறுத்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும்.

அவர் முன் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் இரண்டு தேதிகளைச் சுற்றியே நிற்கும்: ஆவணம் கிடைத்த நாள், ரத்துக் கோரிக்கை நிறுவனத்தை அடைந்த நாள். இவ்விரண்டுக்கும் கையில் சான்று வைத்திருப்பவருக்கு வாதாட வேண்டியது அதிகம் இராது. புதிய பாலிசி வந்ததும் அதன் முதல் பக்கத்தின் ஓரத்தில், கிடைத்த தேதியையும் முப்பதாம் நாளின் தேதியையும் பேனாவால் எழுதி வையுங்கள். பிறகு பாலிசி அட்டவணையைப் படியுங்கள்.